கேமிங் கணினியும் அறுபத்தோராவது யூனிட்டும்

தோட்டத்து வீட்டின் முன்சுவரில் இருக்கும் மின்சார மீட்டரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சக்கரம் சுற்றும் பழைய மீட்டராக இல்லாமல் இலக்கம் காட்டும் புதிய மீட்டராக இருந்தால், அதன் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டும். பக்கத்திலேயே 1600 imp/kWh என்பது போல ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். சில மீட்டர்களில் அந்த எண் 1000 ஆகவோ 3200 ஆகவோ இருக்கலாம். ஒரு யூனிட் மின்சாரம் வீட்டுக்குள் போய் முடிவதற்குள் அந்த விளக்கு 1600 தடவை சிமிட்டும் என்பதுதான் அதன் பொருள். காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்காமல், ஒரு கணினி எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க இந்த விளக்கே போதும்.

வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மின்குமிழ், டிவி, ரைஸ் குக்கர், சார்ஜரில் கிடக்கும் போன் எல்லாமே நிற்க வேண்டும். கணினியும் மொனிட்டரும் மட்டும் ஓடட்டும். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் இடையே எத்தனை விநாடி என்று போனில் நேரம் பிடியுங்கள். 1600 மீட்டராக இருந்தால் 2250ஐ அந்த விநாடியால் வகுக்க வேண்டும். வரும் விடைதான் அந்த நேரத்தில் ஓடும் வாட். மீட்டரில் 3200 என்று இருந்தால் 1125ஐயும், 1000 என்று இருந்தால் 3600ஐயும் வகுக்க வேண்டும். ஒரே ஒரு இடைவெளியை நம்பாமல் நான்கைந்து இடைவெளிகளை அளந்து சராசரி எடுத்தால் கணக்கு இன்னும் உறுதியாகும்.

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, பலாங்கொடை என்று சப்ரகமுவத் தோட்டப் பகுதிகளில் படிக்கும் ஒரு மாணவரின் கையில் என்ன மாதிரிக் கணினி இருக்கும்? பாவித்த பாகங்களைச் சேர்த்துக் கட்டியதாக ஒன்றை எடுத்துக்கொள்வோம்: இன்டெல் ஐ5-10400எஃப் செயலி, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வரைகலை அட்டை, 24 அங்குல மொனிட்டர். திரையில் ஒன்றும் ஓடாமல் டெஸ்க்டொப் மட்டும் தெரியும்போது இப்படியொரு கணினி ஏறத்தாழ 45 வாட்டும் மொனிட்டர் 25 வாட்டும் எடுக்கும். மொத்தம் 70. மீட்டர் விளக்கு 32 விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டும். ஒரு கேமைத் திறந்து ஆடத் தொடங்கியதும் அதே கணினி 205 வாட்டுக்கு ஏறி, மொனிட்டரோடு 230ஐத் தொடும். இப்போது பத்து விநாடிக்குள் ஒரு சிமிட்டல். பெட்டியில் எதுவும் மாறவில்லை, ஆனால் மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் போகிறது.

இந்த இரண்டு எண்களில் என்னை அதிகம் வியக்கவைப்பது சின்ன எண்தான். அந்த வரைகலை அட்டையின் சில்லில் மட்டும் 660 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அத்தனையும் மின்சாரத்தோடு இணைந்தே இருக்க, சும்மா இருக்கும்போது முழு அட்டையும் சேர்ந்து பத்து வாட் அளவில் அடங்கிக்கொள்கிறது. எப்படி? டிரான்சிஸ்டர் என்பது ஒரு மின் ஆளி. பெரும்பாலான மின்சாரம் செலவாவது அது திறந்து மூடும் நேரத்தில்தான். திறந்து மூடும் தாளத்தைக் கொடுப்பது கடிகாரத் துடிப்பு, அதாவது சில்லு முழுக்க ஓடும் மின் தாளம். வேலை இல்லாத பகுதிக்கு அந்தத் தாளத்தை அனுப்பாமல் நிறுத்திவிட்டால் அங்கே எதுவும் திறப்பதில்லை, மூடுவதில்லை.

செயலி இதற்கும் ஒரு படி மேலே போகிறது. நீங்கள் ஒரு பாடக் குறிப்பைத் திறந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு எழுத்தை வாசிக்க எடுக்கும் நேரத்துக்குள் செயலியின் கருக்கள் பல தடவை உறங்கி எழுந்துவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் ஒரு கருவுக்குப் போகும் மின்னழுத்தம் முற்றாகவே வெட்டப்படும். அது கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தை முதலில் ஒரு தனி நினைவகத்தில் எழுதி வைத்த பிறகுதான் அப்படி வெட்டப்படும். எலியை ஒரு மில்லிமீட்டர் அசைத்ததும் அந்தக் குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு கரு எழும்பிவிடும். மனிதக் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது. ஆக, அந்த 45 வாட்டில் செயலியின் பங்கு சில வாட் மட்டுமே. தாய்ப்பலகை, நினைவகம், மின்விசிறிகள், மின்வழங்கியில் வெப்பமாகத் தொலைவது ஆகியவைதான் மீதியைத் தின்கின்றன.

கேமைத் திறந்ததும் கதை தலைகீழாகிறது. 1920க்கு 1080 திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம், வெளிச்சம், நிழல் எல்லாவற்றையும் கணக்கிட்டால்தான் ஒரு படம் முடியும். விநாடிக்கு 60 படம் என்றாலே 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். அட்டையால் விநாடிக்கு 200 படம் வரைய முடியும் என்றால், யாரும் தடுக்காதவரை 200ஐயும் வரைந்தே தீரும். அதற்குக் களைப்பும் இல்லை, கட்டணக் கவலையும் இல்லை. உங்கள் மொனிட்டர் விநாடிக்கு 75 படம் மட்டுமே காட்டக்கூடியதாக இருந்தாலும் அது நிற்காது. மிச்சப் படங்கள் முழுசாகத் திரைக்கே வராமல் போகும், ஆனால் அவற்றுக்கான மின்சாரம் மீட்டரில் ஏறியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சண்டைக்காட்சியைவிட கேமின் முகப்புப் பக்கம் அதிக மின்சாரம் குடிக்கக்கூடும். மெனுவில் வரைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் தடையில்லாத அட்டை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் படங்களை வரைந்து தள்ளும். நண்பர் வரட்டும் என்று மெனுவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால், அந்தக் கால் மணி நேரமும் விசிறி இரைந்துகொண்டே இருப்பது இதனால்தான். உங்கள் கணினியில் இது நடக்கிறதா என்று பார்க்க, விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு கேமைத் திறக்கலாம். என்விடியா அட்டைகளுக்கு இது பொருந்தும்.

```
nvidia-smi --query-gpu=power.draw,clocks.mem,pstate --format=csv -l 1
```

ஒவ்வொரு விநாடியும் ஒரு வரி வரும். முதல் எண் அட்டை எடுக்கும் வாட். கடைசியில் P8 என்று தெரிந்தால் அட்டை ஓய்வில் இருக்கிறது, P0 என்றால் முழு விழிப்பில் இருக்கிறது. மெனுவிலேயே வாட் எண் நூறைத் தாண்டுகிறதென்றால், முதல் சேமிப்பு அங்கேதான் காத்திருக்கிறது.

அதற்கு மருந்து படவீதக் கட்டுப்பாடு, அதாவது விநாடிக்கு இத்தனை படத்துக்கு மேல் வரையாதே என்று அட்டைக்குப் போடும் உத்தரவு. பெரும்பாலான கேம்களின் அமைப்புப் பக்கத்திலேயே அது இருக்கும். என்விடியா கட்டுப்பாட்டுப் பலகத்தில் வைத்தால் எல்லா கேம்களுக்கும் ஒன்றாகப் பொருந்தும். 60 என்று வைத்ததும் அட்டை ஒரு படத்தை முடித்துவிட்டு, அடுத்த படத்துக்கான நேரம் வரும்வரை ஓய்வெடுக்கும். மீட்டரில் உண்மையான வித்தியாசம் வருவது இதற்கு அடுத்த படியில்தான். இவ்வளவு ஓய்வு கிடைக்கிறதே என்று உணர்ந்த அட்டை தன் கடிகார வேகத்தையும், அதோடு மின்னழுத்தத்தையும் தானாகவே இறக்கும். டிரான்சிஸ்டர் செலவழிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடிக் குறைவது. இரண்டும் பத்து வீதம் குறைந்தால் 0.9 × 0.9 × 0.9, அதாவது 0.73. பத்து வீத வேகத்தைக் கொடுத்து இருபத்தேழு வீத மின்சாரத்தை வாங்குகிறோம். வேறு எந்தப் பேரத்திலும் இப்படிக் கிடைக்காது.

ஒரு பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். போட்டியாக ஆடும் துப்பாக்கிச் சுடும் கேம்களில், திரை 75 படம்தான் காட்டும் என்றாலும், அதிகப் படவீதம் இருந்தால் எலியின் சொடுக்கு ஒரு துளி முந்திப் பதிவாகும். அதைக் கைவிட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளில் மின் உச்சவரம்பை 100இலிருந்து 75 வீதத்துக்கு இறக்கலாம். சில்லின் கடைசி ஏழெட்டு வீத வேகத்துக்குத்தான் மிக அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதை மட்டும் வெட்டினால் கண்ணுக்குப் படும் இழப்பு மிகக் குறைவு. மெனுவுக்கு மட்டும் தனியாகக் கட்டுப்பாடு வைக்க விடும் கேம்களில் அதையும் போட்டுவிடலாம்.

இப்போது மொனிட்டர். கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஏன் அதே 25 வாட்டில் நிற்கிறது? எல்சிடி திரைக்கு சொந்த ஒளி கிடையாது. பின்னால் வரிசையாக வெள்ளை எல்இடிகள் எரிந்தபடி இருக்கும், அதுதான் பின்னொளி. முன்னால் இருக்கும் திரவப் படிகமும் நிற வடிகட்டிகளும் அந்த ஒளியை வேண்டிய இடத்தில் விட்டு, வேண்டாத இடத்தில் மறைக்கின்றன. முழு வெள்ளைப் பக்கத்தைக் காட்டும்போதுகூட, பின்னால் பிறக்கும் ஒளியில் பத்தில் ஒரு பங்குகூட நம் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. கறுப்புப் படம் என்றால் ஏறக்குறைய முழு ஒளியும் உள்ளேயே தடுக்கப்பட்டுச் சூடாக மாறும். ஆகவே கறுப்பு வோல்பேப்பர் போடுவதாலோ ஸ்கிரீன் சேவர் ஓடவிடுவதாலோ எல்சிடியில் ஒரு வாட்டும் மிஞ்சாது. அது ஓஎல்இடி திரைக்குப் பொருந்தும் யோசனை. எல்சிடியில் குறைக்க வேண்டியது பிரகாசத்தை. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் கடைக் காட்சிக்கு ஏற்ப உச்சத்தில்தான் வைத்திருப்பார்கள். இரவில் லயத்து அறையில் படிக்க அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். 25 வாட் 13க்கு வந்துவிடும், கண்ணுக்கும் இதம்.

இரண்டாவது மொனிட்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று இணைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அட்டையின் நினைவகம் வேகத்தை மாற்றும்போது ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் திரையில் தெரியாமலிருக்க, ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் மிகச் சிறிய இடைவெளியில்தான் அட்டை வேகத்தை மாற்றும். 144 ஹேர்ட்ஸ் திரையும் 60 ஹேர்ட்ஸ் திரையும் அருகருகே ஓடினால், இரண்டின் இடைவெளிகளும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். சந்தர்ப்பம் கிடைக்காத அட்டை, நினைவகத்தை இறக்காமல் உச்ச வேகத்திலேயே வைத்திருந்துவிடும். மேலே சொன்ன கட்டளையில் நடு எண் அதைக் காட்டிக்கொடுக்கும். ஒன்றும் ஓடாத நேரத்தில் 405 என்று இருக்க வேண்டியது 7000 பக்கத்தில் நின்றால், சும்மா இருக்கும் கணினி பத்து இருபது வாட் கூடுதலாக எடுக்கிறது என்று அர்த்தம். வேகமான திரையைப் படிக்கும் நேரத்தில் 120க்கோ 60க்கோ இறக்கினால் பெரும்பாலும் எண் இறங்கிவிடும்.

உறக்க நிலையையும் அளந்து பாருங்கள். நினைவகத்துக்கு மட்டும் உயிர் கொடுத்துவிட்டு மற்ற எல்லாம் அணைந்திருக்கும் அந்த நிலையில் மூன்று வாட் போலத்தான் போகும். மீட்டர் விளக்கு அடுத்த சிமிட்டலுக்குப் பன்னிரண்டரை நிமிடம் எடுக்கும். எழுந்து சாப்பிடப் போகும்போது கணினியை 58, 70 வாட்டில் விட்டுவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அவ்வளவு. தானாக உறங்கப் போகாமல் விழித்தே இருந்தால், நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் powercfg /requests என்ற கட்டளை, எந்த மென்பொருள் அதை உறங்க விடவில்லை என்று பெயர் சொல்லும். இரவில் சுவர் ஆளியையே அணைப்பது மேல். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் சப்ரகமுவ மலைகளில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் ஆளியை அணைப்பதும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

சரி, இதெல்லாம் ரூபாயில் எவ்வளவு? வாட் கணக்கைவிட விசித்திரமான பகுதி இதுதான். சமனலவெவயின் 120 மெகாவாட் நிலையம் இரத்தினபுரி மாவட்டத்திலேயே 1992 முதல் ஓடுகிறது. ஆனால் அணை பக்கத்தில் இருப்பதால் கட்டணம் குறைவதில்லை, நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல்தான். 2025 ஜூன் திருத்தத்தின்படி மாதத்துக்கு 30 யூனிட்டைத் தாண்டி 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு, முதல் 30 யூனிட்டுக்கு தலா 4.50 ரூபாயும், அடுத்த 30க்கு தலா 8 ரூபாயும், நிலையான கட்டணமாக 210 ரூபாயும் கட்டும். சரியாக 60 யூனிட் என்றால் 585 ரூபாய். 61ஆவது யூனிட் ஓடியதும் அந்த வீடு வேறொரு பட்டியலுக்கு மாற்றப்படுகிறது. முதல் 60 யூனிட்டும் பின்னோக்கி தலா 12.75 ஆகிவிடும். மேலே போவது தலா 18.50. நிலையான கட்டணம் 400. மொத்தம் 1183 ரூபா 50 சதம். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 598 ரூபா 50 சதம்!

நம் மாணவரின் வீட்டைப் போடுவோம். கணினி வருவதற்கு முன் மாதம் 40 யூனிட், கட்டணம் வரி நீங்கலாக 425 ரூபாய். இப்போது தினம் மூன்று மணி நேர கேம் 230 வாட்டில், ஐந்து மணி நேரம் படிப்பும் சும்மா திறந்து கிடப்பதுமாக 70 வாட்டில், மிச்ச நேரம் உறக்கத்தில். மாதத்துக்கு 33 யூனிட். வீட்டு மீட்டர் 73க்குப் போகும், பில் 1405 ரூபா 50 சதத்துக்குப் போகும். கணினி ஒன்றுக்காக மட்டும் கூடியது 980 ரூபா 50 சதம்.

அதே மூன்று மணி நேர கேம், படவீதம் 60இலும் மொனிட்டர் பிரகாசம் மூன்றில் ஒன்றிலும் இருந்தால் 150 வாட் அளவில் வரும். படிப்புக்கு மூன்று மணி நேரம் 58 வாட்டில். சும்மா திறந்து கிடந்த இரண்டு மணி நேரம் உறக்கத்துக்குப் போகட்டும், மிச்ச நேரம் சுவர் ஆளி அணைந்திருக்கட்டும். மாதம் 19 யூனிட். வீட்டின் மொத்தம் 59, பில் 577 ரூபாய். மிச்சம் பிடித்தது 14 யூனிட்தான், மிஞ்சியது 828 ரூபா 50 சதம். ஒரு நிமிட விளையாட்டுகூடக் குறையவில்லை.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் இவ்வளவு அழகாக விழாது. குளிர்சாதனப் பெட்டி இருக்கும் வீடோ, அண்ணன் குடும்பமும் ஒரே மீட்டரில் இருக்கும் வீடோ கணினி இல்லாமலே 50 யூனிட்டைத் தொட்டிருந்தால், அதே 14 யூனிட்டைக் குறைத்தும் 69இல்தான் நிற்கும். அப்போது மிஞ்சுவது 259 ரூபாய். அடுத்த படி 90 யூனிட்டில் இருக்கிறது, அங்கே நிலையான கட்டணம் 400இலிருந்து 1000க்குத் தாவும். அதன் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு மறுபடியும் ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம். இன்னொன்று, இந்த எல்லைகள் 30 நாளுக்கு உரியவை. மீட்டர் வாசிப்பவர் 27 நாளில் வந்துவிட்டால் எல்லை 54, 33 நாளில் வந்தால் 66. அதனால் பில்லில் யூனிட் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். கட்டணம் மாறினால் புது விலையை இதே கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று புதிதாக எதையும் வாங்கிவிடாதீர்கள். நல்ல தரச் சான்று பெற்ற மின்வழங்கி சாதாரணமானதைவிட ஐந்து வீதம் மிச்சம் பிடித்தாலும், 19 யூனிட்டில் அது ஒரு யூனிட். அந்தப் பணத்தை மீட்க ஆண்டுக்கணக்காகும். பழையது வெடித்தால் மட்டும், கணினிக்கு 205 வாட் போதும் என்பதை மனதில் வைத்து, 750 வாட் பெட்டிக்குப் பதில் 450, 500 வாட்டில் நல்லதாக ஒன்று வாங்குங்கள். மிகப் பெரிய மின்வழங்கி மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது அதன் திறன் விழுந்துவிடும், மாணவரின் கணினியோ நாளின் பெரும்பகுதி குறைந்த சுமையில்தான் ஓடுகிறது. இப்போதைக்குப் படவீதத்தை 60இல் வையுங்கள், மொனிட்டர் பிரகாசத்தைக் குறையுங்கள், கடைசிப் பில்லை எடுத்து 60க்கு எத்தனை யூனிட் தள்ளி நிற்கிறீர்கள் என்று பாருங்கள். மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும்.